8 மி.மீ. தகட்டில் 96 பேஸ் பிளேட்டுகள்: எடையும் வெட்டுக் கழிவும் கணக்கிடும் முழு வழி

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதிக்கு நீளமான கூரை நடைபாதை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தூண்கள் 96. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு பேஸ் பிளேட் வரும்: 300 க்கு 200 மி.மீ., தடிப்பு 8 மி.மீ., நான்கு மூலையிலும் 18 மி.மீ. துளை. சாதாரண இரும்பு, எட்டடிக்கு நாலடி ஷீற்றிலிருந்து வெட்ட வேண்டும். திருகோணமலையில் உள்ள வெல்டிங் பட்டறைக்காரர் விலை சொல்வதற்கு முன் இரண்டு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். மொத்த எடை எவ்வளவு? எத்தனை ஷீற் வாங்க வேண்டும்?

முதல் கேள்விக்கு ஒரு பெருக்கல் போதும். இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும். இதே வேலைக்கு இரண்டு ஷீற் போதும் என்று சொல்பவரும் மூன்று வேண்டும் என்று சொல்பவரும் சரியாகவே கணக்குப் போட்டிருக்கலாம். எந்த மெஷினில் வெட்டுகிறோம் என்பதில் அந்த வித்தியாசம் இருக்கிறது. இந்த ஒரே வேலையை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

எடைக் கணக்கு

சாதாரண இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். இதிலிருந்து கைக்கு வசதியான ஒரு எண் வரும். ஒரு சதுர மீற்றர் பரப்பும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புத் தகட்டின் எடை 7.85 கிலோ. அவ்வளவுதான். தடிப்பு 8 என்றால் 8 ஆல் பெருக்க வேண்டும், 62.8 கிலோ. இந்த 62.8 ஐ வேலை முடியும்வரை சுவரில் சோக்கால் எழுதி வைத்துக்கொள்ளலாம். இனி வரும் எல்லாக் கணக்கும் பரப்பை இதனால் பெருக்குவதுதான்.

ஒரு துண்டின் பரப்பு 0.3 × 0.2 = 0.06 சதுர மீற்றர். எடை 0.06 × 62.8 = 3.768 கிலோ. மீற்றருக்கு மாற்றச் சோம்பலாக இருந்தால் எல்லாவற்றையும் மில்லிமீற்றரிலேயே வைத்துக் கணக்குப் போடலாம்:

```
எடை (kg) = நீளம் × அகலம் × தடிப்பு × 7.85 ÷ 1000000
300 × 200 × 8 × 7.85 ÷ 1000000 = 3.768
```

அடிக்கணக்கில் யோசிப்பவர்களுக்கு இன்னொரு எண் உண்டு. ஒரு சதுர அடி, 1 மி.மீ. தடிப்பு என்றால் 0.729 கிலோ. எட்டுக்கு நாலு ஷீற் 32 சதுர அடி. 32 × 8 × 0.729 என்று போட்டால் ஏறத்தாழ 187 கிலோ வரும். மில்லிமீற்றரில் 2440 க்கு 1220 என்று எடுத்தாலும் 186.9 கிலோதான். இரண்டு வழியிலும் விடை ஒத்துப்போனால் சுழியம் எங்கும் தவறவில்லை என்று நம்பலாம். இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை பத்து மடங்குப் பிழைதான். சென்ரிமீற்றரையும் மில்லிமீற்றரையும் கலந்துவிடுவதால் அது வரும்.

இரும்பு அல்லாத தகடு என்றால் 7.85 இருந்த இடத்தில் வேறு எண் வரும், மற்றதெல்லாம் அதேதான். அலுமினியத்துக்கு 2.7, 304 ரக ஸ்டெயின்லெஸுக்கு 7.93 போடலாம். பூப்போட்ட செக்கர் பிளேட்டுக்கு மட்டும் இந்த வழி கொஞ்சம் குறைத்தே காட்டும். அதன் தடிப்பாகச் சொல்லப்படுவது மேடு இல்லாத அடித்தகட்டின் தடிப்பு. மேடுகளின் எடை தனியாகச் சேரும்.

அடுத்தது துளைகள். ஒரு துளையில் போகும் இரும்பு வட்டத்தின் பரப்பைத் தடிப்பால் பெருக்கியது. 18 மி.மீ. துளைக்கு அது 16 கிராம். நான்குக்கும் 64 கிராம். ஆக, முடிந்த துண்டின் எடை 3.704 கிலோ, 96 துண்டுக்கு 355.6 கிலோ. துளையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 361.7 கிலோ. வித்தியாசம் 6 கிலோ சொச்சம். விலை சொல்வதற்கு இதைப் பார்க்கத் தேவையில்லை. எடையைக் கணக்குத் தீர்க்கும்போதுதான் அந்த 6 கிலோவைத் தேடுவோம், அப்போது அது ட்ரில் மெஷினுக்குக் கீழே சுருளாகக் கிடக்கும்.

கடற்கரை வேலை என்பதால் கல்வனைஸ் செய்யச் சொல்வார்கள். உருகிய நாகத்தில் முக்கியெடுக்கும் முறையில், 6 மி.மீ. ஐ விடத் தடித்த இரும்புக்கு ஐ.எஸ்.ஓ. 1461 தரம் கேட்கும் சராசரிப் பூச்சு 85 மைக்ரோன், அதாவது சதுர மீற்றருக்கு 610 கிராம். நம் துண்டின் இரு முகமும் விளிம்பும் சேர்த்து 0.128 சதுர மீற்றர். அதற்கு 78 கிராம் நாகம் ஏறும். துளையில் போன 64 கிராமை நாகம் கிட்டத்தட்டத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஏற்றி அனுப்பும் எடைக்குத் துளையையும் பார்க்காமல் பூச்சையும் பார்க்காமல் 3.77 கிலோ என்று போட்டால் பெரிதாகப் பிழைக்காது.

8 மி.மீ. உண்மையில் 8 மி.மீ. தானா?

எடைக் கணக்கில் நீளமும் அகலமும் அநேகமாக ஏமாற்றாது, தடிப்புத்தான் ஏமாற்றும். 2440 இல் 3 மி.மீ. குறைந்தால் எடையில் ஒன்றும் தெரியாது. 8 இல் 0.3 குறைந்தால் கிட்டத்தட்ட நான்கு வீதம் போய்விடும். சந்தையில் 8 மி.மீ. என்று வரும் தகடு 7.7 ஆக இருப்பது அதிசயமில்லை. உருட்டும் ஆலைகளுக்குத் தடிப்பில் கூடுதல் குறைவுக்கு அனுமதி உண்டு, சில ஆலைகள் குறைந்த பக்கத்திலேயே உருட்டும். 7.7 என்றால் ஒரு ஷீற் 186.9 கிலோ அல்ல, 179.9 கிலோ.

கிலோவுக்கு விலை கொடுத்து வாங்கினால் இதில் பணம் போகாது. நிறுத்த எடைக்குத்தான் கொடுக்கிறோம். ஷீற்றுக்கு இவ்வளவு என்று வாங்கினால் ஒவ்வொன்றிலும் 7 கிலோ இரும்பு கைக்கு வராமலே அதற்கும் காசு கொடுத்ததாகிவிடும். வாங்கும்போது எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்று கேட்பது அதனால்தான் முதல் கேள்வி.

அளக்கும்போது வேர்னியரை விளிம்பில் வைத்து உடனே எடுத்துவிடக் கூடாது. ஷியரில் வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும், அது தடிப்பைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீற்றர் இருந்தால் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே வைத்து, ஷீற்றின் மூன்று பக்கத்திலாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். துருவும் இதே பொய்யைச் சொல்லும். கார்த்திகை, மார்கழி மழைக்கு வெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த ஷீற்றுகளுக்கு இடையில் தண்ணீர் நின்றுவிட்டால், மேலே செதில் செதிலாகத் துரு எழும்பும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தடிப்புக் கூடியதுபோல் தெரியும், உள்ளே இரும்பு குறைந்திருக்கும். வயர் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது தராசைத்தான். முதல் துண்டை அளவாக வெட்டி, துளை போடுவதற்கு முன் நிறுக்க வேண்டும். அந்த எடையை 0.06 × 7.85, அதாவது 0.471 ஆல் வகுத்தால் உண்மையான தடிப்பு வரும். 3.62 கிலோ என்று காட்டினால் தடிப்பு 7.69 மி.மீ. பட்டறையில் நல்ல தராசு இல்லையென்றால் பத்துத் துண்டைச் சேர்த்துக் கட்டி, மீன் நிறுக்கும் தொங்கு தராசில் போட்டாலும் போதும். பத்தாகப் போட்டால் தராசின் சின்னப் பிழை துண்டுகளுக்குள் பிரிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. எடை குறைந்தால் உடனே தகடு மெல்லியது என்று முடிவு கட்ட வேண்டாம். கோடு போடும்போது வெட்டு அகலத்தை விடாமல் 300, 600, 900 என்று தொடர்ந்து குறித்திருந்தால் ஒவ்வொரு துண்டும் 297 க்கு 197 ஆக வந்திருக்கும். அதுவும் எடையை இரண்டரை வீதம் குறைக்கும். துண்டை ரேப்பால் ஒருமுறை அளந்துவிட்டுத் தடிப்பைச் சந்தேகிக்கலாம்.

ஷீற் எத்தனை: பரப்பை வகுத்தால் வரும் விடை ஏன் போதாது

96 துண்டின் பரப்பு 5.76 சதுர மீற்றர். ஒரு ஷீற் 2.977, இரண்டு ஷீற் 5.954. இரண்டு போதும், மூன்று வீதத்துக்குச் சற்று மேல்தான் கழிவு. பரப்பு இப்படிச் சொல்கிறது. வழக்கமாகச் செய்வதுபோல் பத்து வீதம் கழிவு சேர்த்தால் 6.34 ஆகும், மூன்றாவது ஷீற் தொடங்கிவிடும். எது சரி? இரண்டுமே துண்டுகளை ஷீற்றில் அடுக்கிப் பார்க்கவில்லை. தகடு தண்ணீர் இல்லை, மிச்சமான இடத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டி இன்னொரு துண்டு எடுக்க முடியாது.

அடுக்கிப் பார்க்க மூன்று எண் வேண்டும்: துண்டின் அளவு, வெட்டு அகலம், ஓரத்தில் கழிக்கும் அளவு. வெட்டு அகலம் என்பது வெட்டும்போது இல்லாமல் போகும் இரும்பின் அகலம். ஷியரிங் மெஷினில் அது பூச்சியம், கத்தி பிளக்கிறது, எதுவும் தொலைவதில்லை. கேஸ் கட்டரில் 8 மி.மீ. தகட்டுக்கு இரண்டு முதல் மூன்று மி.மீ. வரை போகும். நொசிலும் கையும் எப்படியோ அப்படி. கிரைண்டரில் டிஸ்க்கின் தடிப்பும் அது ஆடும் ஆட்டமும் சேர்ந்தது.

உங்கள் கட்டரின் அகலத்தை ஊகிக்க வேண்டியதில்லை. கழிவுத் துண்டு ஒன்றின் நீளத்தை அளந்துவிட்டு, குறுக்கே நான்கு வெட்டு வெட்டி, ஐந்து துண்டின் நீளத்தையும் கூட்டுங்கள். குறைந்ததை நான்கால் வகுத்தால் அதுதான் அகலம். இங்கே 3 மி.மீ. என்று எடுப்போம்.

ஓரம் கழிப்பது ஷீற்றைப் பொறுத்தது. விளிம்பு நசுங்கியிருந்தால், துரு தின்றிருந்தால், மூலை மட்டம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. கழிப்பது வழக்கம். மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட இரண்டு மூலைவிட்டத்தையும் ரேப்பால் அளப்பது நல்லது. இரண்டும் சமமாக இருந்தால் ஷீற் மட்டமாக இருக்கிறது.

ஒரு வரிசையில் எத்தனை துண்டு வரும் என்பதற்கு ஸ்ப்ரெட்ஷீற்றில் இப்படி எழுதலாம். L ஷீற்றின் நீளம், E ஒரு பக்க ஓரக் கழிவு, K வெட்டு அகலம், P துண்டின் அளவு. எழுத்துகளுக்குப் பதில் எண்களையோ செல் முகவரிகளையோ போடுங்கள்.

```
=INT((L-2*E+K)/(P+K))
```

K ஒருமுறை கூட்டப்படுவதற்குக் காரணம், கடைசித் துண்டுக்குப் பிறகு இன்னொரு துண்டு இல்லை, அதனால் துண்டுகளுக்கு இடையில் வரும் வெட்டு ஒன்று குறைவு.

ஷியரில் வெட்டினால்

K பூச்சியம். ஓரம் கழித்த பிறகு 2420 க்கு 1200. நீளத்தில் 300 எட்டு முறை போகும், அகலத்தில் 200 மிகச் சரியாக ஆறு முறை போகும். ஒரு ஷீற்றில் 48. இரண்டு ஷீற்றில் 96, ஒன்றும் மிஞ்சாது. 48 துண்டு 2.88 சதுர மீற்றர், ஷீற்றில் மிச்சம் 0.0968, அது 6.1 கிலோ. இரண்டு ஷீற்றுக்கும் 12.2 கிலோ கழிவு, எல்லாம் நீளமான மெல்லிய கீற்று.

கணக்குத் தீர்ப்போம். வாங்கியது 373.9 கிலோ. முடிந்த துண்டுகள் 355.6, துளைச் சுருள் 6.1, கீற்றுகள் 12.2. கூட்டினால் 373.9. இப்படிக் கிலோவுக்குக் கிலோ திரும்பி வரும்வரை எந்தக் கழிவுக் கணக்கையும் முடிந்ததாக எடுக்கக் கூடாது.

ஆனால் 8 மி.மீ. ஐ வெட்டும் ஷியர் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. அகலத்தில் 1200 மிகச் சரியாகப் பொருந்துவதால் 1220 உண்மையில் 1220 ஆக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு ஷீற் 1217 ஆக இருந்தால் இரு பக்கமும் பத்துப் பத்துக் கழிக்க முடியாது.

கேஸ் கட்டரில் வெட்டினால்

இங்கேதான் அந்த 3 மி.மீ. வேலையைக் காட்டும். நீளத்தில் 2420 + 3 ஐ 303 ஆல் வகுத்தால் 7.997. எட்டு வர ஒரு மில்லிமீற்றர் போதவில்லை, ஆக ஏழு. அகலத்தில் 1203 ஐ 203 ஆல் வகுத்தால் 5.9, ஆக ஐந்து. 48 இருந்த ஷீற்றில் 35 தான். துண்டைத் திருப்பி 200 ஐ நீளத்தில் வைத்தால் 11 க்கு 3, அது 33.

இரண்டையும் கலந்தால் நிலைமை கொஞ்சம் தேறும். அகலத்தில் 300 உயரமுள்ள மூன்று வரிசையும் 200 உயரமுள்ள ஒரு வரிசையும் வைக்கலாம்: 900 + 200, இடையில் மூன்று வெட்டுக்கு 9, மொத்தம் 1109. முதல் மூன்று வரிசையில் பதினொன்று பதினொன்றாக 33, கடைசி வரிசையில் 7, ஆக 40. இப்படிக் கலந்து அடுக்குவதைப் பேப்பரில் வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். சூத்திரம் ஒரு திசைக்குத்தான் பதில் சொல்லும்.

நாற்பது நாற்பதாக எண்பது. இன்னும் 16 வேண்டும், அதற்கு மூன்றாவது ஷீற். அந்தப் பதினாறை ஷீற் முழுக்கப் பரப்பி வெட்டுவது பெரிய தவறு. ஒரு முனையில் ஒதுக்க வேண்டும். 300 அகலத்தில் இரண்டு நிரல், ஒவ்வொன்றிலும் ஐந்து, பிறகு 200 அகலத்தில் இரண்டு நிரல், ஒவ்வொன்றிலும் மூன்று. பதினாறும் வந்துவிடும். ஓரம் 10, துண்டுகள் 1000, இடைவெட்டுகள் 9, பிரிக்கும் வெட்டு 3 என்று நீளத்தில் 1022 தான் போகும். மீதி 1418 க்கு 1220, முழுத் தகடாக நிற்கும். அதன் எடை 108.6 கிலோ. அதைக் கழிவு என்று சொல்ல முடியாது. அடுத்த வேலைக்கான சரக்கு, அளவைப் பெயின்றால் எழுதி உள்ளே வைக்க வேண்டியது.

இப்போது மூன்று ஷீற் 560.8 கிலோ. அதில் துண்டுகள், துளைக்கு முன், 361.7. எடுத்துவைத்த தகடு 108.6. மிச்சம் 90.5 கிலோ. அதிலும் ஒரு பங்கை யாரும் நிறுக்க முடியாது. வெட்டு அகலத்தில் எரிந்து, கசடாக நிலத்தில் விழுந்தது அது. எவ்வளவு என்று அறிய, வெட்டின் மொத்த நீளம் வேண்டும். ஒரு மீற்றர் நீளமும் 3 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிப்பும் உள்ள வெட்டில் 188 கிராம் இரும்பு போகும். பெரும்பாலான வெட்டை இரண்டு துண்டு பங்குபோடுவதால், எல்லாத் துண்டின் சுற்றளவையும் கூட்டி, அடுக்கின் வெளிச்சுற்றையும் சேர்த்து, இரண்டால் வகுத்தால் நீளம் கிட்டத்தட்ட வந்துவிடும். மூன்று ஷீற்றுக்கும் சுமார் 57 மீற்றர், அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய இரும்புக்காரரிடம் போடக்கூடிய துண்டுக் கழிவு 80 கிலோ அளவில் இருக்கும். 90 கிலோவுக்குக் காசு வரும் என்று விலையில் கழித்துவிட்டால் அந்தப் பதினொரு கிலோ கைநட்டம். கேஸ், ஒட்சிசன் செலவுக்கும் இதே 57 மீற்றர்தான் அடிப்படை. கணக்கை இரண்டாகப் பயன்படுத்தலாம்.

கழிவு எத்தனை வீதம்?

இந்த வேலைக்குக் கழிவு எத்தனை வீதம் என்று கேட்டால் மூன்று உண்மையான பதில் இருக்கிறது. 90.5 கிலோவை, வாங்கிய மூன்று ஷீற்றால் வகுத்தால் 16 வீதம். எடுத்துவைத்த தகட்டைக் கழித்துவிட்டு, வேலையில் பயன்பட்ட இரும்பால் வகுத்தால் 20 வீதம். துண்டுகளின் எடையால் வகுத்தால் 25 வீதம். கிலோ ஒன்றுதான்.

விலைக் கணக்கில் துண்டின் எடைக்குமேல் எவ்வளவு கூட்டுவது என்பதுதான் கேள்வி என்றால் கூட்ட வேண்டியது 25. அந்த இடத்தில் 20 ஐக் கூட்டினால் 361.7 கிலோவுக்கு 434 கிலோதான் வரும், வேலைக்குப் போனதோ 452. பதினெட்டுக் கிலோ உங்கள் தலையில். வேறு பட்டறைக்காரர் ஒருவர் எங்களுக்கு இத்தனை வீதம்தான் கழிவு வரும் என்று சொன்னால், எதால் வகுத்தீர்கள் அண்ணை என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது ஷீற்றில் மிஞ்சிய பெரிய தகட்டின் விலையை வாடிக்கையாளர் கணக்கில் போடுவதா இல்லையா என்பது பட்டறையின் விருப்பம். என் கருத்து: 8 மி.மீ. மாதிரி அடிக்கடி ஓடும் தடிப்பு என்றால் போடக் கூடாது. அது எப்படியும் அடுத்த வேலைக்குப் போகும். வருடத்தில் ஒருமுறை கேட்கும் ஸ்டெயின்லெஸ் தடிப்பு என்றால் ஒரு பங்காவது போடத்தான் வேண்டும்.

மூன்றாவது ஷீற்றைத் தவிர்க்க முடியுமா

பேப்பரில் முடியும். ஓரம் கழிக்காமல், ஆலை விளிம்பையே துண்டின் விளிம்பாக எடுத்தால் 2440 இல் எட்டுத் துண்டும் ஏழு வெட்டும் 2421, அகலத்தில் ஆறு துண்டும் ஐந்து வெட்டும் 1215. பொருந்துகிறது, 48. ஆனால் அகலத்தில் மிஞ்சுவது 5 மி.மீ. அதில் இன்னொரு வெட்டு வெட்டினால் 2 மி.மீ. கீற்று நிற்காது, உருகி விளிம்போடு ஒட்டும். அதை வெட்டாமல் கடைசி வரிசையை 205 ஆகவே விட்டு, துளையை நடுவிலிருந்து குறிப்பது புத்தி. அதற்கு வரைபடத்தில் இடம் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, கையால் கேஸ் வெட்டும்போது நீளமான பட்டை சூட்டில் வில்போல் வளையும். ஐந்து மில்லிமீற்றர் வளைவு 2.4 மீற்றர் நீளத்தில் ஒன்றும் பெரிதல்ல. அப்படி வளைந்தால் கடைசி வரிசையில் எட்டுத் துண்டும் போய்விடும். இடையிடையே 20 மி.மீ. வெட்டாமல் பாலமாக விட்டு, ஆறிய பிறகு அதை அறுத்தால் வளைவு குறையும். ரெயிலில் ஓடும் கட்டர் இருந்தால் துணிந்து செய்யலாம். கையில் பிடித்து வெட்டும் கட்டர் என்றால் நான் இரண்டு ஷீற்றுக்கு விலை சொல்ல மாட்டேன்.

இதைவிட நல்ல வழி வெட்டத் தொடங்குவதற்கு முன் இருக்கிறது. பொறியியலாளரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: பேஸ் பிளேட் 300 க்கு 200 தான் வேண்டுமா, 295 க்கு 195 போதுமா? ஐந்து மில்லிமீற்றர் குறைந்தால் கேஸ் கட்டரிலும், ஓரம் கழித்தும், நீளத்தில் 298 எட்டு முறை 2384, அகலத்தில் 198 ஆறு முறை 1188. இரண்டும் இடம் விட்டுப் பொருந்தும். மறுபடி 48, மறுபடி இரண்டு ஷீற். அவர் பார்க்க வேண்டியது துளை மையத்திலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமும் தூணின் வெல்டுக்கு உள்ள இடமும். 300, 200 என்பவை பெரும்பாலும் முழு எண்ணாக இருக்கட்டும் என்று எழுதப்பட்டவைதான், ஆனாலும் முடிவு அவருடையது. கேட்காமல் பட்டறையிலேயே குறைத்துவிடக் கூடாது.

அவர் மறுத்தால் மூன்று ஷீற்தான். அப்போது கழிவுக்கு வேலை கொடுக்கப் பாருங்கள். தூணுக்கும் பேஸ் பிளேட்டுக்கும் இடையில் முக்கோண முட்டு வைக்கும் வேலை என்றால், நாற்பது துண்டு அடுக்கின் மேலே மிஞ்சும் 88 மி.மீ. பட்டையிலிருந்தே அதை எடுக்கலாம். 80 க்கு 80 செங்கோண முக்கோணங்களைச் சாய்ந்த பக்கம் எதிரெதிராக வைத்தால், ஒரு சோடி வெட்டோடு சேர்த்து 87 மி.மீ. சொச்சம் பிடிக்கும். 2420 இல் 27 சோடி, 54 முக்கோணம். இரண்டு ஷீற்றில் 108. ஒன்று 0.2 கிலோ, ஆக 21.7 கிலோ இரும்பு பழைய இரும்புக் குவியலுக்குப் போகாமல் வேலைக்குள்ளேயே வந்துவிடும். தூணுக்கு நான்கு முட்டு என்றால் 384 வேண்டும், இது அதில் கால்வாசிக்குச் சற்றுமேல். மீதியில் ஒரு பங்கு வரிசைகளின் முனையில் நிற்கும் 187 மி.மீ. பட்டையில் கிடைக்கும், மற்றது எடுத்துவைத்த தகட்டில்.

இதைச் செய்வதாக இருந்தால் முக்கோணத்துக்கான கோட்டையும் முதல் நாளே, ஷீற் முழுதாகக் கிடக்கும்போதே குறித்துவிட வேண்டும். வெட்டி முடித்து, வளைந்த பட்டையாகக் கழிவுக் குவியலுக்குள் போன பிறகு அதை எடுத்து நிமிர்த்திக் குறிக்கப் போகும் கூலி, அந்த 21 கிலோ இரும்பின் விலையைத் தின்றுவிடும்.